ஒரு குடும்பத்தை விலக்கினால்

நுண்கடன் ஏழைகளின் தொழில் லாபத்தைக் கூட்டுகிறதா? மெக்சிகோவில் கொம்பார்த்தாமோஸ் வங்கியின் கடனை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மொத்தம் 16,560 குடும்பங்கள். கடன் போய்ச் சேர்ந்த பகுதிக்கும் சேராத பகுதிக்கும் லாபத்தில் என்ன வித்தியாசம் என்று ரெக்ரெஷன் போட்டால், இரண்டு வாரத்துக்கு 4.55 டாலர் குறைவு என்று வருகிறது. திட்டப்பிழை 5.88. அதாவது, விளைவு உண்டு என்று சொல்ல இந்த எண் போதாது.

பிறகு பிராடரிக், ஜியார்டானோ, மீகர் மூவரும் அதே தரவிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தை நீக்கிப் பார்த்தார்கள். விடை 0.40 டாலர் கூடுதல் என்றாகிவிட்டது. குறியே மாறிப்போச்சு! திட்டப்பிழையும் 3.19ஆகச் சுருங்கியது.

இதில் மாயமில்லை. பாதிப்பேர் கடன் பகுதி என்று வைத்தால் சுமார் 8,280 குடும்பங்கள். அவர்களுடைய சராசரியை ஒற்றைக் குடும்பம் ஐந்து டாலர் நகர்த்த வேண்டுமானால், அது மற்றவர்களிடமிருந்து நாற்பதாயிரம் டாலர் விலகி நிற்க வேண்டும். யாரோ ஒரு பூச்சியம் கூடுதலாகப் போட்டிருக்கலாம். நிஜமாகவே அப்படியொரு நஷ்டமோ லாபமோ இருந்திருக்கலாம். எண்ணைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. முடிந்தால் மூலப் படிவத்தைப் புரட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அது முடியாதபோது இரண்டு வழிகள். ஒன்று, கத்தரிப்பது: ஓரத்து மதிப்புள்ள குடும்பங்களைத் தரவிலிருந்தே தூக்கிவிடுவது. இன்னொன்று, சார்ல்ஸ் வின்சர் பெயரால் வழங்கும் வின்சரைசிங். இதில் ஆள் போவதில்லை. மேல் நூற்றில் ஒரு பங்கு எல்லை 900 டாலர் என்றால், 40,000 என்று சொன்னவரும் 900 என்றே எழுதப்படுவார். லாபம் பள்ளத்திலும் விழக்கூடியது. ஆகவே கீழ் ஓரத்திலும் அதையே செய்ய வேண்டும்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. கடனால் பத்துப்பேர் மட்டும் பெரிதாக எழுந்திருந்தால், கத்தரி வெட்டுவது அந்த விளைவையேதான். நாம் கேட்ட கேள்வி சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. எல்லை எங்கே என்பதும் ஆய்வாளர் கையில். மொராக்கோவின் நுண்கடன் ஆய்வில் உச்ச மதிப்புகளைக் கத்தரித்த பிறகே லாபம் கூடியதாக முடிவு வந்தது. அதே தரவை மறுபடி கணக்கிட்டவர்கள், ஆரம்பச் சுற்றிலும் இறுதிச் சுற்றிலும் கத்தரித்த விதம் ஒன்றாக இல்லை என்று 2019இல் காட்டினார்கள்.

ஆகவே எல்லையை விடை தெரியுமுன் குறிக்க வேண்டும். இரு பகுதிக்கும் அதே எல்லை. பிறகு முழுத் தரவின் விடை, கத்தரித்த விடை, வின்சரைஸ் செய்த விடை மூன்றையும் ஒரே அட்டவணையில், எத்தனை குடும்பம் தொடப்பட்டது என்ற எண்ணோடு, அச்சிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஓரங்கள் பொருட்டல்ல. பிரிந்தால், அந்தச் சராசரி சிலருடைய கதை என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். மெக்சிகோ தரவில் தேடிப் பொறுக்கிய 15 குடும்பங்களை நீக்கினால் விடை 7.03 டாலர் கூடுதல், திட்டப்பிழை 2.55. அதை மட்டும் அச்சிட்டிருந்தால் நுண்கடன் வென்றது என்றே படித்திருப்போம்.