‘நம்பிக்கை’ என்று பலகை வைத்தால் போதுமா?

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரை சாலையோர விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், அத்தனை வீடுகளையும் ஒரே ஆள்தான் கட்டுகிறாரோ என்று தோன்றும். தரம், நம்பிக்கை, சொன்ன தேதியில் சாவி. பெயரும் போன் நம்பரும்தான் மாறுகின்றன. எல்லோரும் சொல்வதையே சொல்லும் பில்டரை மக்கள் எதை வைத்து நினைவில் கொள்வார்கள்?

வாங்குபவர் மனதில் ஒரு பெயருக்கென்று தனி இடம் பிடிப்பதை விளம்பரத் துறையில் ‘பொசிஷனிங்’ என்பார்கள். ஆல் ரீஸ், ஜாக் டிரவுட் என்ற இரு அமெரிக்கர்கள் 1981இல் எழுதிய புத்தகம் இதைப் பரவலாக்கியது. அந்த இடத்தை அழகான வாசகத்தால் மட்டும் பிடித்துவிட முடியாது. தவறினால் நமக்கு நஷ்டம், பக்கத்து பில்டர் துணிந்து சொல்ல மாட்டார் என்ற அளவுக்கு வாக்கு இருக்க வேண்டும்.

அதற்கு முதலில், சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருப்பதைத் தள்ளி வைக்க வேண்டும். 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்த ‘ரெரா’ சட்டப்படி, பதிவு செய்யும்போதே பில்டர் முடிக்கும் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அளவுக்குத்தான் அதை எடுக்கலாம். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகள் வரை கட்டுமானக் குறைகளைச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆகவே ‘ரெரா பதிவு பெற்றது’, ‘5 ஆண்டு உத்தரவாதம்’ என்று பலகையில் போடுவது, ‘எங்கள் டிரைவரிடம் லைசென்ஸ் இருக்கிறது’ என்று ஒரு பஸ் கம்பெனி பெருமைப்படுவதைப் போன்றதே.

தேதியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அதை நிர்ணயிப்பவர் பில்டர்தான். இரண்டரை ஆண்டில் முடியும் வேலைக்கு நான்கு ஆண்டு என்று எழுதிவிட்டால், என்றுமே ‘சொன்ன தேதியில்’ கொடுத்த பெயர் கிடைக்கும். நம்பிக்கையையே முதலாக வைத்துத் தொழில் செய்ய நினைப்பவர் இங்கேதான் மற்றவர்களிடமிருந்து பிரிய வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, புறநகரில் கார் நிறுத்தும் தளமும் அதன்மேல் 5 மாடிகளுமாக 60 பிளாட்கள் கட்டும் நடுத்தர பில்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இன்ஜினியர் போடும் கணக்கு 27 மாதம். வடகிழக்குப் பருவமழைக்கும் ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பாமல் போவதற்கும் 5 மாதம் சேர்த்து, 32ஆவது மாதத்தை அவர் அறிவிக்கிறார். கடைசித் தேதியோடு நிறுத்தாமல் அஸ்திவாரம், ஒவ்வொரு மாடியின் தளம், பூச்சு, லிப்ட், மின் இணைப்பு என்று இடைப்பட்ட தேதிகளையும் வாங்குபவர் கையில் கொடுக்கிறார். பொதுவாக, தளங்கள் மளமளவென்று எழும்பிவிடும்; தாமதம் பிடிப்பது அதற்குப் பிறகான பூச்சு, டைல்ஸ், ஈ.பி. வேலைகளில்தான். இடைத்தேதிகள் இருந்தால் தாமதம் தலைகாட்டும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

‘ஒப்படைத்தல்’ என்றால் என்ன என்பதையும் அவர் வரையறுக்கிறார். சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது ஒப்படைத்தல் அல்ல. சி.எம்.டி.ஏ.வின் பணி நிறைவுச் சான்று வந்து, நிரந்தர மின் இணைப்பு கிடைத்து, லிப்ட் ஓடினால்தான் வீடு ஒப்படைக்கப்பட்டதாக அர்த்தம்.

தவறினால் என்ன தருவார்? பழைய ஒப்பந்தங்களில் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று இருக்கும். 1,000 சதுர அடி பிளாட்டுக்கு 5,000 ரூபாய். அதே நேரத்தில், 60 லட்சம் கட்டியவருக்கு 9 சதவீத வட்டியில் மாதம் 45,000 ரூபாய் வட்டியாகவே போகும். வீட்டு வாடகை தனி. பெங்களூரு திட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இந்த 5 ரூபாய் போதாது என்று சொல்லி, கூடுதல் இழப்பீடு கொடுக்க வைத்தது. இப்போது தாமத மாதங்களுக்கு வட்டி தர ரெராவே வழி செய்கிறது. ஆனால் அதற்கு வாங்கியவர் மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கிறது. நம் பில்டர், கேட்காமலே மாதா மாதம் 5ஆம் தேதி அந்த வட்டியை வங்கிக் கணக்கில் போட்டுவிடுவதாக ஒப்பந்தத்தில் எழுதுகிறார். 60 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் 50,000. 60 வீட்டுக்கு 30 லட்சம். இந்தத் தொகை பயமுறுத்துவதால்தான் வாக்குக்கு மதிப்பு வருகிறது.

தரத்துக்கும் இதே அளவுகோல்தான். ‘உயர்தரக் கட்டுமானம்’ என்பதைச் சோதிக்க முடியாது. சில காரியங்களைச் சோதிக்கலாம். கான்கிரீட் போடும் ஒவ்வொரு முறையும் 15 சென்டிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். அந்த அறிக்கையை வாங்குபவருக்குக் காட்டலாம். குடியேறிய பின் வரும் புகார்களில் தண்ணீர்க் கசிவு முக்கியமானது. டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறையில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு வீட்டுக்காரரையே அழைக்கலாம். பூச்சுக்கு முன் சுவருக்குள் ஓடும் வயர், குழாய்ப் பாதைகளைப் போட்டோ எடுத்து, வீட்டுக்கு ஒரு கோப்பாகக் கொடுக்கலாம். குறையைச் சரிசெய்யச் சட்டம் 30 நாள் தருகிறது. கசிவுக்கு மட்டும் 7 நாள் என்று பில்டர் தானாகவே சுருக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்ய வேண்டுமானால் சிலவற்றைக் கைவிட வேண்டும். ஒவ்வொருவரும் கேட்கிற மாற்றங்களுக்கெல்லாம் தலையாட்டினால் தேதி தள்ளிப்போகும். ஒரு நாளைக் குறித்து, அதற்குமேல் மாற்றம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். விலையில் சலுகைப் போட்டி போட முடியாது. எல்லாவற்றையும்விட, இந்தக் கட்டடத்தில் வந்த பணத்தை அடுத்த நிலத்துக்கு முன்பணமாகப் போடும் ஆசையை அடக்க வேண்டும். நொய்டாவில் ஆயிரக்கணக்கானோரைத் தவிக்கவிட்ட அம்ரபாலி நிறுவனத்தில் நடந்தது இதுதான்: வாங்கியவர்களின் பணம் வேறு இடங்களுக்குத் திருப்பப்பட்டது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் ரெரா பதிவையே ரத்து செய்து, மீதி வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது.

எத்தனை கவனமாக இருந்தாலும், வெள்ளம் வரும், மணல் வராது. அப்போது வாங்கியவர் போன் செய்து கேட்கும் முன் பில்டரே காரணத்தையும் புதிய தேதியையும் எழுதி அனுப்ப வேண்டும். தாமதத்தைவிட, தாமதத்தை மறைத்ததுதான் பெயரைக் கெடுக்கும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் பலகையில் உள்ள வாசகத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் இருக்கும் ரெரா எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த பில்டர் முன்பு கட்டிய மூன்று திட்டங்களுக்கு ரெராவில் அறிவித்த தேதி என்ன, பணி நிறைவுச் சான்று பெற்ற தேதி என்ன என்று கேளுங்கள்; அங்கே குடியிருப்பவர்களிடம் மழைக்காலத்தில் கூரை எப்படி இருக்கிறது என்றும் விசாரியுங்கள். நம்பிக்கையை விற்பவர் இந்தத் தேதிகளைத் தானே எடுத்து நீட்டுவார். தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.