தாய்மாமனைப் பற்றிக் கேளுங்கள்

நடக்கப் பழகும் ஒரு பையனை வார்டுக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேசாகத்தான் விழுந்தான். ஆனால் முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்ல" என்கிறார் அப்பா. அம்மாவைக் கேட்டால் கதை மாறுகிறது: "எங்க அண்ணனுக்குப் பல் பிடுங்கினப்போ ரெண்டு நாளா ரத்தம் நிக்கல, சிஸ்டர்."

இதை அப்படியே வம்சப்படமாக வரையலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர் கேரியர். அவருக்கு வட்டத்தின் நடுவே புள்ளி. தம்பதியரை ஒரு கோடு இணைக்கும். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு.

தாத்தா, பாட்டி: □ ─ ⊙
அவர்கள் பிள்ளைகள்: ■ மாமா, ⊙ அம்மா ─ □ அப்பா
பேரப்பிள்ளைகள்: ○ அக்கா, ■ பையன்

இனி படத்தைப் படிப்போம். ஓங்கு மரபாக இருந்தால் நோய் பொதுவாகத் தலைமுறை தாண்டாது. ஹன்டிங்டன் நோயைப் போலப் பெற்றவர் ஒருவரிடமும் தெரியும், மகன், மகள் யாருக்கும் வரும். இங்கே அம்மா நலமாக இருக்கிறார். தலசீமியா போன்ற ஒடுங்கு மரபில் பெற்றோர் இருவருமே கேரியர்களாக இருப்பார்கள்; ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம், ஆண் பெண் பேதமில்லை. இங்கேயோ நோய்ப்பட்ட இருவரும் ஆண்கள், நடுவில் இணைப்பது நலமான ஒரு பெண். பால்சார்ந்த மரபின் முகம் இதுதான். ஹீமோஃபீலியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் 8-க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா மகனுக்குத் தருவது ஒய். ஆகவே இந்த அம்மாவுக்கு இனிப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. அக்கா கேரியராக இருக்கவும் அதே 50 சதவீதம்தான். அதனால்தான் அவள் வட்டத்தில் இன்னும் புள்ளி வைக்கவில்லை.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அக்காவையே மாமாவுக்குக் கட்டிவைத்து, அவள் கேரியராகவும் இருந்துவிட்டால், மகளுக்கும் முழு ஹீமோஃபீலியா வரலாம். மகனுக்கு வந்தால் அப்பாவிடமிருந்து வந்ததாகப் படம் காட்டும். உண்மையில் வந்தது அம்மாவின் எக்ஸ் வழியாக. இரட்டைக் கோட்டைப் போட மறந்தவர் இங்கே ஏமாந்துபோவார்.

வெறுமையான படத்தையும் நம்பிவிடக் கூடாது. ஹீமோஃபீலியா குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதையே இருக்காது. மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும்.

வம்சப்படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்வது ஃபாக்டர் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை அந்தப் பையனுக்குத் தசையில் ஊசி போடாதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்; அம்மா சொன்னதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.