எட்டாம் மாதம் பணம் தேவைப்பட்டால்?

5,000 வெள்ளியை ஓராண்டு வைப்புத்தொகையில் போட்டுவிட்டு, எட்டாம் மாதத்தில் எடுக்க வேண்டிய நிலை வந்தால் வட்டியின் பெரும்பகுதியோ முழுவதுமோ போய்விடக்கூடும். அப்படி நடக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் பொருத்தமானது. 500 வெள்ளியிலிருந்து அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கலாம். பத்தாண்டு வரை வைத்திருக்கலாம். வேண்டாம் என்றால் எந்த மாதமும் திருப்பிக் கொடுக்கலாம். அபராதம் இல்லை.

ஜனவரியில் 5,000 வெள்ளிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டு வட்டி இரண்டு விழுக்காடு என்றால், ஜூலையில் 50 வெள்ளி கணக்கில் சேரும். ஆகஸ்டில் விண்ணப்பித்தால், செப்டம்பர் தொடக்கத்தில் அசலுடன் மேலும் ஏறத்தாழ 16 வெள்ளி 70 காசு வரும். வாங்க 2 வெள்ளி, திருப்பிக் கொடுக்க 2 வெள்ளி கட்டணம் போக, கையில் நிற்கும் வட்டி சுமார் 62 வெள்ளி 70 காசு.

இதே கணக்கை 500 வெள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மாத வட்டி ஏழு வெள்ளிகூட வராது. அதில் நான்கு வெள்ளியைக் கட்டணமே விழுங்கிவிடும். அதனால் மாதாமாதம் 500 போடுவதைவிட, சேர்த்துவைத்து ஒரே தடவையாக வாங்குவது நல்லது.

வாங்குவதற்கு சிடிபி கணக்கு வேண்டும். வங்கிக் கணக்கை அதனுடன் இணைத்திருக்க வேண்டும். பிறகு ஏடிஎம்மிலோ இணைய வங்கிச் சேவையிலோ விண்ணப்பிக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கேட்ட அன்றே பணம் வராது, அடுத்த மாதத் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டும். அவசர மருத்துவச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.