அணைத்தால் பின்னோக்கிப் போகும் கணினிக் கடிகாரம்

கணினியை முழுவதுமாக அணைத்த பிறகும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மதர்போர்டில் உள்ள அந்தக் கடிகாரத்துக்குத் துடிப்பைத் தருவது, விநாடிக்கு 32,768 முறை அதிரும் சிறிய குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். விநாடியைக் கணக்கிட அதுவே வசதி. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் இந்த ஏற்பாடு இல்லாததால், இயக்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் பயனரிடமே அது கேட்டது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில்தான் பேட்டரியால் ஓடும் கடிகாரம் மதர்போர்டிலேயே இடம்பெற்றது.

இன்றைய மேசைக்கணினிகளில் அந்தப் பேட்டரி பெரும்பாலும் CR2032 என்ற லித்தியம் பட்டன் செல். 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்ட இது 3 வோல்ட் தரும். கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரம் 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்தால், இது 44,000 மணி நேரம், அதாவது சுமார் ஐந்து ஆண்டுகள் தாங்கும்.

ஆனால் ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு கணினிகளின் பேட்டரிகள் ஒரே சமயத்தில் தீர்வதில்லை. காரணம் சுவரில் இருக்கும் சுவிட்ச். கணினியை ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளை மதர்போர்டுக்குச் சிறிதளவு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். கடிகாரமும் அதிலேயே ஓடும். சுவிட்சையோ யுபிஎஸ்ஸையோ அணைத்த பிறகுதான் பொறுப்பு பேட்டரிக்குப் போகிறது. மாலையில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போகும் பள்ளி, அலுவலகக் கணினிகளில் இந்தக் கோளாறு அதிகம் தெரிவது இதனால்தான்.

பழுதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனையும் இதிலேயே இருக்கிறது. தேதியைச் சரிசெய்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைக்காமல் கணினியை மட்டும் இரவு முழுக்க ஷட்டவுனில் வைக்க வேண்டும். மறுநாள் சுவிட்சையும் சேர்த்து அணைக்க வேண்டும். முதல் இரவில் நேரம் தப்பாமல், இரண்டாம் இரவில் மட்டும் தப்பினால் பேட்டரிதான் குற்றவாளி. இயக்கும்போது CMOS Checksum Error அல்லது CMOS Date/Time Not Set என்ற செய்தி வந்து F1 விசையை அழுத்தச் சொன்னால், அதுவும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

ஓர் அலுவலகத்தின் பழைய மேசைக்கணினியை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். தொடக்கத்தில் செல்லின் வோல்டேஜ் கொஞ்சம் குறைகிறது. படிகம் அதிர்வதை நிறுத்தினாலும் பதிவான தேதி அழிவதில்லை. காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் கடிகாரம் முந்தைய இரவு எட்டு மணியைக் காட்டுகிறது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைத் தானாகச் சரிசெய்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. சில வாரங்களில் செல் முழுதும் தீர்ந்துபோக, பதிவும் அழிகிறது. ஒரு நாள் காலை தேதி 01-01-2016 என்று நிற்கிறது. அது அந்த மதர்போர்டின் பயாஸில் தயாரிப்பாளர் எழுதிவைத்த தொடக்கத் தேதி. ஒவ்வொரு போர்டிலும் வேறுபடும்.

அன்றுதான் வங்கியின் தளமும் மின்னஞ்சலும் திறக்க மறுக்கின்றன. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2016இல் இருப்பதாக நினைப்பதால், அண்மையில் வழங்கிய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று உலாவி முடிவு செய்து, NET::ERR_CERT_DATE_INVALID என்று காட்டுகிறது. இணைய இணைப்பில் கோளாறு என்று எண்ணி மோடத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய.

பதின்மூன்று மணி நேரத்தைத் திருத்திய விண்டோஸ் பல ஆண்டுகளை ஏன் திருத்தவில்லை? தனிக் கணினிகளில் அதன் நேரச் சேவைக்கு ஓர் எல்லை உண்டு: 54,000 விநாடிகள், அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதைத் தாண்டினால், வந்த நேரத்தை நம்பாமல் விட்டுவிடும். யாராவது பொய்யான நேரத்தை அனுப்பிக் கணினியை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. ஆகவே ஒத்திசைவு அமைப்பை எத்தனை முறை முடுக்கினாலும் தீர்ந்த பேட்டரிக்கு அது மாற்றாகாது. முதலில் பேட்டரி, பிறகு கையால் தேதி, அதன் பிறகே ஒத்திசைவு என்ற வரிசைதான் சரி.

பேட்டரியைக் கழற்றுமுன் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்வது அவசியம். தேதியோடு சேர்த்து மற்ற அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போகலாம். குறிப்பாக ஹார்டு டிஸ்க்கின் SATA Mode மாறிவிட்டால் விண்டோஸ் திறக்காமல் நீலத்திரை காட்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் வடியப் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். செல்லைப் பிடித்திருக்கும் சிறு உலோக நாக்கை ஓரமாகத் தள்ளினால் செல் மேலே எழும்பும். அதை மல்டிமீட்டரில் அளந்தால் சந்தேகம் தீரும். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.5க்குக் கீழே வந்தது தீர்ந்த செல். புதியதைப் படுக்கையான ஹோல்டரில் + குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்த வேண்டும். பழைய செல்லை மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அது அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. மடிக்கணினிகள் பலவற்றில் செல் உறையிட்டு இரண்டு ஒயர்களோடு வருவதால், அந்த வேலையைக் கடையில் விடுவதே நல்லது.

இனி பயாஸில் தேதியையும் நேரத்தையும் பதித்துச் சேமிக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் Date & time பக்கத்தில் Time zone இந்தியாவுக்குரிய UTC+05:30 என்று இருக்கிறதா எனப் பார்த்து, Set time automatically என்பதை இயக்கி, Sync now என்பதை அழுத்தினால் போதும். அது பலிக்காவிட்டால், நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் இவற்றைத் தட்டலாம்:

```
net start w32time
w32tm /resync
```

சேவை ஏற்கெனவே ஓடுவதாகச் சொன்னால் இரண்டாவது கட்டளை மட்டும் போதும். required time change was too big என்று பதில் வந்தால் தேதி இன்னும் வெகுதூரம் தப்பாக இருக்கிறது என்று பொருள். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம், ஆண்டு தவறாக இருக்கலாம்.

புதிய செல் போட்டும் தேதி அழிந்தால், ஹோல்டரின் நாக்கு செல்லைத் தொடவில்லை, அல்லது பயாஸை அழிக்கும் ஜம்பர் தவறான முனைகளில் இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து, புதிய செல் ஒரு மாதத்திலேயே தீர்ந்தால், போர்டில் எங்கோ மின்கசிவு இருக்கக்கூடும்.

கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் மட்டும் தப்பினால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். நேர மண்டலம் தவறாக இருக்கும். இல்லாவிட்டால் அதே கணினியில் லினக்ஸும் இருக்கும். லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸோ அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்:

```
timedatectl set-local-rtc 1
```