பேச்சுவார்த்தையில் மௌனம்

பேச்சுவார்த்தையில் ஒருவர் வாய் மூடியிருந்தால், எதிரில் இருப்பவரை அச்சுறுத்தவே அப்படிச் செய்கிறார் என்று பலர் எண்ணுகின்றனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் கர்ஹானும் அவருடைய குழுவினரும் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. மூன்று வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் மௌனம், அதைக் கடைப்பிடிப்பவரையே நிதானமாகச் சிந்திக்க வைக்கிறது. அதனால் இரு தரப்புக்கும் பயன்தரும் வழி புலப்படுகிறது.

மூன்று வினாடி குறைவாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண உரையாடலில் ஒருவர் முடித்த அரை வினாடிக்குள் மற்றவர் பேசத் தொடங்கிவிடுகிறார். ஆகவே மூன்று வினாடி மௌனமே நீண்டதாகத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். நானும் நண்பர்களும் வாடகை வீட்டைக் காலி செய்தபோது எங்கள் முன்பணம் 2,400 ரிங்கிட் உரிமையாளரிடம் இருந்தது. "சாயம் பூச ஆயிரம் ரிங்கிட் பிடித்துக்கொள்வேன்" என்று அவர் குரலை உயர்த்தினார். நான் உடனே மறுக்கவில்லை. அத்தொகையைத் தாளில் எழுதிவிட்டு மனத்திற்குள் நான்கு எண்ணினேன். கோபம் சற்றுத் தணிந்தது. கெட்டிருந்தது ஆணி அடித்த ஒரு சுவர் மட்டுமே என்பதும் நினைவுக்கு வந்தது.

"ஐயா, ஒரு சுவர்தான் கெட்டிருக்கிறது. முந்நூறு ரிங்கிட் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நிறுத்தினேன். கடினமான மௌனம் இதுதான். பதில் வராததால் பதறி, "சரி, ஐந்நூறு?" என்று நாமே நம் தொகைக்கு எதிராகப் பேசிவிடுவோம். என் நண்பர் அப்படித் தொடங்கியபோது அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

உரிமையாளர் சுவரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை புதிய ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் யார் பூசுவது?" என்றார். அவருடைய உண்மையான கவலை பணமன்று, நாள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வியாழனுக்குள் நாங்களே பூசித் தருவதாகவும், துப்புரவுக்கு 150 ரிங்கிட் கழித்துக்கொள்ளலாம் என்றும் முடிவாயிற்று. 2,250 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது.

இதற்கு எல்லைகளும் உண்டு. 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது நம்மவர் வழக்கு. எனவே எதிர்த்தரப்பின் தொகையைக் கேட்டு மௌனம் காத்தால், "இதற்கு நான் இன்னும் ஒப்பவில்லை" என்று சொல்லியே அதை முடிக்க வேண்டும். தொலைபேசியில் மௌனம் இணைப்பு அறுந்ததாகத் தோன்றும். "சற்று யோசிக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வயதில் மூத்தவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மௌனம் அவமதிப்பாகிவிடும். தாளைப் பார்த்து யோசிக்கும் மௌனம் அப்படியன்று. "ஏன் பதிலே இல்லை?" என்று அவர் கேட்டுவிட்டால் மௌனத்தின் வேலை முடிந்தது. அதன்பின் பேசத்தான் வேண்டும்.