பதினாறு பிள்ளைகளும் ஐம்பது கிலோமீட்டரும்

ஜூன் மாதத்தின் முதல் வாரம். கோவை வடவள்ளியில் ஒரு தெருமுனை. பையைத் தோளில் மாட்டிய மகனை வேனில் ஏற்றிவிட்டு ஒரு தாய் கேட்கிறார்: “ஏங்கண்ணா, டீசல் விலைதான் ஏறவே இல்லீங்களே? அப்புறம் எதுக்கு ஃபீஸ ஏத்துறீங்க?” ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே வேன்காரர் சொல்கிறார்: “டீசல் இல்லீங்க்கா. போன வருசம் வந்ததுல ரெண்டு புள்ளைங்க நின்னுட்டாங்க.”

அந்தத் தாய்க்கு இது சாக்குப்போக்காகத் தோன்றலாம். பிள்ளைகள் குறைந்தால் வேன்காரருக்கு வேலையும் குறையத்தானே செய்யும்? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேன்காரர் சொன்னதுதான் உண்மை. பள்ளி வேன் கட்டணத்தை அசைப்பதில் டீசலைவிடப் பெரிய கை, காலியாகக் கிடக்கும் ஓர் இருக்கைக்குத்தான்.

மாதிரிக்கு ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரைத் தவிர்த்து 18 இருக்கை. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளருக்கு ஓர் இடம் போக, பிள்ளைகளுக்கு 17. வடவள்ளிப் பக்கத்திலிருந்து பி.என்.புதூர், லாலி ரோடு வழியாக ஆர்.எஸ்.புரத்தில் உள்ள ஒரு பள்ளிக்குப் போகிறது. கடைக்கோடியில் ஏறும் பிள்ளையின் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்வழியில் 9 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரின் மனக்கணக்கு இங்கேயே முடிந்துவிடும்: போக 9, வர 9, ஆக நாளொன்றுக்கு 18.

வண்டியின் மீட்டர் வேறு கதை சொல்லும். வேன்காரர் வீட்டிலிருந்து முதல் பிள்ளையின் வீட்டுக்கு 2 கிலோமீட்டர். தெருத்தெருவாகப் புகுந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர 14. இறக்கிவிட்டுக் காலியாக வீடு திரும்ப 9. காலையில் மட்டும் 25 ஆயிற்று. மாலையில் இதே ஓட்டம் தலைகீழாக இன்னொரு 25. மொத்தம் 50 கிலோமீட்டரில் 22 கிலோமீட்டர் வண்டிக்குள் ஒரு பிள்ளைகூட இல்லாத வெறும் ஓட்டம். கட்டணம் போடத் தொடங்கும்போது கைபேசி வரைபடம் காட்டும் தூரத்தை நம்பாமல், ஒரு வாரம் மீட்டரை எழுதி வைப்பதுதான் முதல் வேலை.

மைலேஜும் அப்படித்தான். “என் வண்டி பதிமூணு குடுக்கும்” என்று சொல்பவர் பெரும்பாலும் பழனிக்குப் போய் வந்த நாளை நினைத்துச் சொல்கிறார். நூறடிக்கு ஒருமுறை நின்று, ‘டாட்டா’ காட்டி முடியும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் பள்ளி ஓட்டத்தில் அது கிடைக்காது. டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு, பள்ளி ஓட்டம் மட்டும் இரண்டு வாரம் ஓட்டி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நம் வேனுக்கு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஆண்டுக்குப் பள்ளி நாட்கள் 220. நாளுக்கு 5 லிட்டர் வீதம் 1,100 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 92 ரூபாய் என்றால், ஆண்டு டீசல் செலவு 1,01,200 ரூபாய்.

இங்கே மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்குக்குத் தாவியதற்குக் காரணம் உண்டு. இன்சூரன்ஸும் எஃப்சியும் மாதம் பார்த்து வருவதில்லை. ஓட்டுநர் வீட்டில் மே மாதமும் உலை வைக்க வேண்டும். அதனால் செலவை ஆண்டுக்குக் கூட்டி, வசூலாகும் மாதங்களால் வகுப்பதுதான் சரி.

அடுத்தது ஓட்டுநர் சம்பளம். பகலில் வேறு வண்டிக்கு ஆக்டிங் போகும் ஓட்டுநருக்கு, காலையும் மாலையுமான பள்ளி வேலைக்கு மட்டும் மாதம் 12,000 என்றால், 12 மாதத்துக்கு 1,44,000. வேன்காரரே ஓட்டினாலும் இந்தத் தொகையை எழுதியாக வேண்டும். பலர் எழுதுவதில்லை. ‘நம்ம வண்டி, நாமதானே ஓட்டுறோம்’ என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து, ஆக்டிங் டிரைவருக்குக் கையிலிருந்து கூலி கொடுக்கும்போதுதான் இத்தனை நாளும் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தது தெரிகிறது.

உதவியாளருக்குப் பத்து மாதம் 5,000 வீதம் 50,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்சி எல்லாம் சேர்த்து 55,000. டயர், பிரேக், ஆயில், சில்லறைப் பழுது என்று கிலோமீட்டருக்கு 4 ரூபாய் ஒதுக்கினால், 11,000 கிலோமீட்டருக்கு 44,000. கடைசியாக, வண்டியின் தேய்மானம். வாங்கிய விலையில் விற்கும் விலையைக் கழித்து ஓடும் ஆண்டுகளால் வகுத்தால் வருவது. நம் வேனுக்கு 70,000. எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 4,64,200 ரூபாய். பத்து மாதம் வசூல் என்றால் மாதம் 46,420.

இதில் டீசல் மாதம் 10,120தான். ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால், மாதம் 110 லிட்டருக்கு 550 ரூபாய் கூடும். 17 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 32 ரூபாய். ஒரு பிள்ளை நின்றுவிட்டாலோ, 17 பேர் சுமந்ததை 16 பேர் சுமக்க வேண்டும். 2,730 ரூபாயாக இருந்த தலைக்கணக்கு 2,900 ஆகிவிடும். ஒரு பிள்ளை விலகுவது, டீசல் ஒரேயடியாக 25 ரூபாய் ஏறியதற்குச் சமம். வேன் அன்றும் அதே தெருக்களில்தான் போகிறது, அதே ஓட்டுநர்தான் ஓட்டுகிறார்.

அதனால்தான் விவரம் தெரிந்த வேன்காரர்கள் இருக்கைகள் முழுதும் நிரம்பும் என்று வைத்துக் கட்டணம் போடுவதில்லை. ஒன்று குறைத்துப் போடுகிறார்கள். நம் வேனுக்கு 16 பேர் என்று கொண்டால் சராசரி 2,900. பதினேழாவது பிள்ளை தரும் பணம், நடு ஆண்டில் யாராவது வீடு மாறிப் போனால் தாங்குவதற்கு.

ஆனால் பக்கத்துத் தெருவுக்கு வரும் வேன் 1,950தான் கேட்கிறதே? அந்தப் புதிரும் இதே வகுத்தலில் அவிழ்கிறது. 46,420 ரூபாயை 24ஆல் வகுத்தால் 1,934 வருகிறது. அதாவது 17 பேர் உட்கார வேண்டிய இடத்தில் 24 பேர். அப்படி இல்லாவிட்டால், உதவியாளர் இல்லை. அல்லது வாடகைக்கு ஓட்டப் பதிவு செய்யாத வெள்ளை போர்டு வண்டி. அல்லது டயர் தேய்ந்தும் மாற்றவில்லை. வேறொரு பள்ளிக்கு இரண்டாவது டிரிப் அடித்துச் செலவைப் பங்கிடும் நியாயமான வழியும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. எது என்று அறிய, பள்ளி வாசலில் வேன் வந்து நிற்கும்போது எத்தனை தலை இறங்குகிறது என்று ஒருநாள் எண்ணினால் போதும்.

உதவியாளரையும் பழுதுச் செலவையும் கணக்கிலிருந்து வெட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அடுத்த சண்டை தூரத்தைப் பற்றியது. லாலி ரோட்டில் ஏறும் பிள்ளைக்குப் பள்ளி மூன்றே கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர் வருகிற பிள்ளை கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதானே கேட்க வேண்டும் என்பார் அந்த வீட்டு அப்பா. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் முழு இருக்கை வேண்டும். அதற்காக வைத்த இடத்தில் வேறு யாரையும் ஏற்ற முடியாது.

செலவை இரண்டு குவியலாகப் பிரித்தால் இந்தச் சண்டை தீரும். சம்பளம், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் வண்டி எவ்வளவு ஓடினாலும் மாறாதவை, மாதம் 31,900. இதை 16 பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 2,000. டீசலும் பழுதும் ஓட்டத்தைப் பொறுத்தவை, மாதம் 14,520. இதைத் தூரப்படி பிரிக்கலாம். 3 கிலோமீட்டரில் 4 பேர், 6 கிலோமீட்டரில் 5 பேர், 9 கிலோமீட்டரில் 7 பேர் என்றால், எல்லோருடைய தூரத்தையும் கூட்டினால் 105. கிலோமீட்டருக்குச் சுமார் 140 ரூபாய் விழுகிறது. ஆகவே லாலி ரோடு பிள்ளைக்கு 2,420, பி.என்.புதூருக்கு 2,840, வடவள்ளிக் கடைக்கோடிக்கு 3,260. மூன்று மடங்கு தூரம் கட்டணத்தில் 840 ரூபாய் வித்தியாசமாகத்தான் வருகிறது. அண்ணன் தங்கை இருவர் ஒரே வீட்டிலிருந்து வந்தால் தள்ளுபடி கேட்பதும் வழக்கம். மிச்சமாவது ஒரு நிறுத்தம்தான், இருக்கை இரண்டும் இரண்டுதான். பெரிதாகக் குறைக்க இடமில்லை.

தூரத்தைவிடச் செலவு வைப்பது வளைவு. மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப 2 கிலோமீட்டர், காலை மாலை சேர்த்து 4, மாதம் 22 நாளுக்கு 88. டீசலும் பழுதும் கிலோமீட்டருக்கு 13 ரூபாய் 20 காசு என்றால், அந்த ஒரு வீட்டுக்காக மாதம் 1,160 ரூபாய் கூடுதல். மற்றப் பிள்ளைகள் அதற்காகச் சில நிமிடம் முன்னதாக எழ வேண்டியதும் சேரும். அந்தப் பிள்ளை மெயின் ரோட்டுக்கு நடந்து வரலாம், அல்லது வளைவுச் செலவை அந்த வீடே ஏற்கலாம்.

விடுமுறைக்குக் குறைக்கச் சொல்வதும் ஆண்டுதோறும் வரும் கேள்விதான். மழைக்காகப் பள்ளி ஒருநாள் மூடினால் மிச்சமாவது 5 லிட்டர் டீசல், 460 ரூபாய். தலைக்கு 29 ரூபாய்கூட இல்லை. காலாண்டு விடுமுறையும் தீபாவளியும் 220 நாள் கணக்கிலேயே ஏற்கெனவே கழிந்துவிட்டன. மே மாதத்துக்குப் பணம் கேட்பது தவறா என்றால், அது எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு 29,000 ரூபாயைப் பத்து மாதமாகக் கொடுத்தால் 2,900; பன்னிரண்டாகக் கொடுத்தால் 2,420க்குள். பத்து மாதத் தொகையை வாங்கிவிட்டு மே மாதத்துக்கும் தனியாகக் கேட்டால்தான் தகராறு. ஜூனிலேயே ஆண்டுத் தொகையைச் சொல்லிவிடும் வேன்காரர்களுக்கு இந்தப் பேச்சே எழுவதில்லை.

வடவள்ளி வேனில் இரண்டு பிள்ளைகள் நின்று 14 பேர் ஆகிவிட்டால், தலைக்கு 3,316 வரும். அந்தத் தொகையைச் சொன்னால் இன்னும் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள்; பிறகு 12 பேருக்கு 3,868. கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போய் இதைச் சரிசெய்ய முடியாது. அதே வழியில் அரைகுறையாக ஓடும் இன்னொரு வேன்காரரோடு பேசி, வடவள்ளித் தெருக்களை ஒருவரும் பி.என்.புதூர்த் தெருக்களை மற்றவரும் எடுத்துக்கொள்வது ஒரு வழி. இருவருக்கும் வளைவு குறைகிறது, காலி இருக்கையும் நிரம்புகிறது. பிள்ளைகளுக்குத்தான் பழைய வேன் அண்ணனை விட்டு மாறச் சில நாள் பிடிக்கும்.