கலவை காத்திருக்கிறதா, ஓவன் காத்திருக்கிறதா?

பாளையங்கோட்டையில் என் மதினி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். வாரத்துக்குப் பதினைந்து கிலோ போகும்; டிசம்பர் வந்தால் பிளம் கேக் ஆர்டர் மட்டும் முந்நூறு கிலோவைத் தொடும். போன நவம்பரில் அவர் 20 லிட்டர் பிளானட்டரி மிக்சர் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருந்தார். "நேரமே போதல. பெரிய மிக்சர் வந்துட்டா சரியாயிரும்," என்றார். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று காலையிலிருந்து கடிகாரமும் நோட்டுமாக அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் இருப்பது 60 லிட்டர் ஓடிஜி. ஒரு தடவைக்கு ஒரு கிலோ டின் இரண்டுதான் வைக்க முடியும். 160 டிகிரியில் 55 நிமிடம். கை பீட்டரில் நான்கு கிலோ கலவையை இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஆக, இரண்டு டின் உள்ளே போகிறது, மற்ற இரண்டும் மேடை மேல் ஒரு மணி நேரம் நிற்கின்றன. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். நிற்கிற நேரத்தில் காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. முதல் இரண்டு கேக்கும் மேலே சமமாக எழும்பி வந்தன. அடுத்த இரண்டும் நடுவில் லேசாகக் குழிந்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தன. ரெசிபியில்தான் ஏதோ கோளாறு என்று அவர் இரண்டு மாதமாக முட்டையையும் சோடாவையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் கலவைதான் ஓவனுக்காகக் காத்திருக்கிறது. பெரிய மிக்சர் வந்தால் காத்திருக்கும் டின்கள் இன்னும் கூடும், அவ்வளவுதான். மறுபுறம், சூடேறிய ஓவன் வெறுமனே எரிந்துகொண்டிருக்க நீங்கள் இன்னும் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருந்தால், தேவை மிக்சர். இரண்டும் காத்திருக்காமல், ஐசிங்கும் பெட்டியில் அடைப்பதும்தான் இரவு பன்னிரண்டு மணி வரை இழுக்கிறது என்றால் தேவை இன்னொரு ஆள். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

மிக்சர் விஷயத்தில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. தேவைப்பட்டால் வாங்கிவிடலாம். 10 லிட்டர் பிளானட்டரி மிக்சர் வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். புதிய வயரிங் வேண்டாம். கலவையும் வேண்டிய நிமிடத்தில் வேண்டிய இடத்தில் கிடைக்க வேண்டிய பொருள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பத்து லிட்டர் என்பது கிண்ணத்தின் கொள்ளளவு. வெண்ணெய் கேக் என்றால் நான்கு, ஐந்து கிலோவோடு நிறுத்த வேண்டும். இறுகிய ரொட்டி மாவு என்றால் அதிலும் பாதிதான், மீறினால் கியர் போய்விடும். ரொட்டியும் பன்னும்தான் முக்கிய வேலை என்றால் ஸ்பைரல் மிக்சர் பக்கம் போவது நல்லது. பழைய மிக்சர் வாங்குகிறீர்கள் என்றால், வெறும் கிண்ணத்துக்குள் வெள்ளைத் தாளை விரித்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தாளில் கிரீஸ் சொட்டினால் மேல்தலை சீல் போய்விட்டது. நாளைக்கு அது உங்கள் கலவையில்தான் சொட்டும்.

ஓவன் அப்படி இல்லை. அதன் விலையில் பாதி ஓவனுக்கு வெளியே இருக்கிறது. பிறகு மதினி பார்த்து வைத்தது ஒரே அடுக்கில் இரண்டு ட்ரே வைக்கும் மின்சார டெக் ஓவன். 40க்கு 60 சென்டிமீட்டர் ட்ரே ஒன்றில் ஏழு அங்குல டின் ஆறு நிற்கும்; ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கிலோ. ஓடிஜியோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. ஆனால் அது சுமார் 6 கிலோவாட் இழுக்கும். அவர் வீட்டு ஒருமுனை இணைப்பு அதைத் தாங்காது. மும்முனை இணைப்பு, வணிகக் கட்டணம், தடிமனான வயர், தனி எம்சிபி, ஓவனுக்கு ஸ்டாண்டு, சூடு வெளியேற எக்ஸாஸ்ட் எல்லாம் சேரும். எரிவாயு டெக் ஓவன் என்றால் மின்சாரப் பிரச்சினை குறையும், ஆனால் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும், 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எரிப்பது விதிமீறல்.

கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஓவன் 60,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 70,800. வயரிங், இணைப்பு, எக்ஸாஸ்ட் 35,000. ஐந்து வருடம் கழித்து ஓவனை 25,000க்கு விற்க முடியும். சுவருக்குள் போன வயரை விற்க முடியாது. தேய்மானம் மாதம் 1,350 வருகிறது. முடங்கிய பணத்தின் வட்டி 650, பழுதுக்கு ஒதுக்குவது 600, மின் இணைப்பின் நிலைக்கட்டணம் 900. மொத்தம் 3,500. ஒரு கேக் கூட சுடாவிட்டாலும் மாதம் பிறந்தால் இந்தத் தொகை போய்விடும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் மின்சாரம் சுமார் 40 ரூபாய்.

குத்தகை சொல்லும்போது இனிப்பாக இருக்கும். "மாசம் 2,400 கட்டினா போதும், 36 மாசம்," என்று மதினியிடம் ஒரு டீலர் சொன்னார். வரியோடு 2,832. முப்பத்தாறு மாதத்துக்கு 1,01,952. அதே ஓவனை 70,800க்குக் கடனில் வாங்கி, இதே தவணையைக் கட்டினால் என்ன வட்டி ஆகும் என்று பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம் வருகிறது. குத்தகை முடிவில் ஓவனும் டீலருடையதுதான். வயரிங் செலவு 35,000 அப்போதும் உங்கள் தலையில்தான். அதை முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்து, நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் மாதம் 4,700. சொந்தமாக வாங்குவதைவிட 1,200 கூடுதல்.

பழுது பார்ப்பதும், மூன்று நாளுக்குள் மாற்று ஓவன் தருவதும் எழுத்தில் இருந்தால் அந்தக் கூடுதல் தொகைக்கு ஒரு நியாயம் உண்டு. டிசம்பர் 20ஆம் தேதி ஹீட்டர் காயில் போனால் அந்த ஒரு வாக்கியம் 1,200 ரூபாயைவிட எவ்வளவோ பெரிது. எழுத்தில் இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே என் கருத்து. இடையில் நிறுத்தினால் மீதித் தவணை முழுவதும் கட்ட வேண்டுமா, கடைசியில் ஓவன் உங்கள் பெயருக்கு வருமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். குத்தகைப் பணத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பார்கள். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு தொழிலுக்கு அந்தக் கழிவு தனியாகக் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் அந்த 18 சதவீதமும் திரும்பி வராது.

மூன்றாவது வழி, அடுத்தவர் ஓவனில் நேரம் வாங்குவது. மதினி வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் ஒரு பழைய பேக்கரி இருக்கிறது. அங்கே அதிகாலை இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். பன்னும் பப்ஸும் முடிந்து மத்தியானம் ஓவன் சும்மா கிடக்கும். கடைக்கார அண்ணாச்சியிடம் பேசினோம். மின்சாரம் உட்பட மணிக்கு 350 என்றார். ஆட்டோவையும் பிரித்துப் போட்டால் மணிக்கு 400.

மதினிக்கு மாதம் ஆறு மணி நேரம் போதும். டிசம்பரில் மட்டும் இருபத்தாறு. வருடத்துக்கு 92 மணி. வாடகை 36,800. சொந்த ஓவன் என்றால் மாதம் 3,500 வீதம் 42,000, மின்சாரம் 3,680, ஆக 45,680. இன்றைய அளவில் வாடகைதான் மலிவு. ஒரு மணிக்கு வித்தியாசம் 360. 42,000ஐ அதால் வகுத்தால் 117. வருடத்துக்கு 117 மணி நேரத்தைத் தாண்டினால் சொந்த ஓவன் முந்திவிடும். ஆனால் இந்தக் கணக்கு ஒழுங்காக நிரம்பிய ட்ரேயை நம்பியிருக்கிறது. ஐந்து டின்னோடு போய்ப் பன்னிரண்டு டின்னுக்கான நேரத்துக்குப் பணம் கட்டினால் வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். எனவே மதினி இப்போது ஆர்டரை செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாளாகச் சுருக்கிவிட்டார்.

வாடகை அடுப்படி எல்லாப் பண்டத்துக்கும் ஒத்துவராது. பட்டர் பிஸ்கட்டை வீட்டிலேயே வெட்டி, பிரிட்ஜில் இறுக வைத்து, அப்படியே ட்ரேயில் எடுத்துப் போகலாம். வெண்ணெய் கேக் கலவை பத்து நிமிட ஆட்டோவைத் தாங்கும். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் தாங்காது; வேகத்தடையிலேயே நுரை அமுங்கிவிடும். ஸ்பாஞ்ச்தான் உங்கள் தொழில் என்றால் கலப்பதையும் அங்கேயே செய்ய வேண்டும், அதற்கு மேடையும் பிளக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். முட்டையில்லாத கேக் என்று சொல்லி விற்பவர்கள் அந்தக் கடையின் ட்ரேயில் முட்டை பூசிய பன் வெந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. தனி ட்ரே கொண்டுபோவதுதான் வாடிக்கையாளருக்குச் செய்யும் நேர்மை.

முதல் நாள் எங்களுக்கு அடி கருகிப்போனது. பன்னுக்காக 220 டிகிரியில் இருந்த ஓவனை 160க்குத் திருப்பிவிட்டு உடனே டின்னை வைத்துவிட்டோம். முள் 160 காட்டியது, கீழே இருந்த தளம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. டெக் ஓவனில் மேல் சூடும் அடிச் சூடும் தனித்தனி. அடிச் சூட்டை முழுக்க அணைத்து, கதவைத் திறந்து இருபது நிமிடம் விட்டு, டின்னுக்கு அடியில் ஒரு வெற்று ட்ரே வைத்தபோது அடுத்தது சரியாக வந்தது. அந்த இருபது நிமிடத்துக்கு வாடகை யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பிறகு பேசி, அண்ணாச்சி பெருந்தன்மையாக அதை விட்டுக்கொடுத்தார்.

காகித வேலையும் உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஆளுக்கு மட்டுமல்ல, உணவு தயாராகும் இடத்துக்கும் சேர்த்துத்தான். வீட்டு முகவரியில் பதிவு வைத்துக்கொண்டு வேறு இடத்தில் சுடுவதானால், லேபிளில் எந்த முகவரி, எந்த எண் போக வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால் கையிருப்பை எடுத்து நீட்டுவதற்கு முன் வங்கிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். 2020இல் மத்திய அரசு தொடங்கிய பிஎம்எஃப்எம்இ திட்டம் சிறு உணவுத் தொழிலின் இயந்திரங்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று அமைந்தது. அது கடனோடு இணைந்த மானியம்; சொந்தப் பணத்தில் வாங்கினால் கிடையாது. முதல் நாளே கைக்கும் வராது, மூன்று வருடம் கடன் கணக்கோடு நிற்கும். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொட்டேஷன் வாங்குங்கள்.

மதினி மிக்சருக்கும் முன்பணம் கட்டவில்லை, குத்தகைக்கும் கையெழுத்துப் போடவில்லை. அண்ணாச்சி கடையில் எடுத்த நேரத்தை அந்த வெள்ளிக்கிழமை நோட்டிலேயே குறித்து வருகிறார். இந்த வருடம் ஜூன் முடிய 51 மணி ஆகியிருக்கிறது. டிசம்பர் இனிமேல்தான் இருக்கிறது.